கலங்கலாக இருந்தால் கெட்டுப்போனதா? ஆரஞ்சு ஒயினில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

போன மாதம் செந்தூலில் பெரியப்பா மகன் வீட்டில் சாப்பாடு. நான் ஒரு ஜார்ஜிய ஆரஞ்சு ஒயின் போத்தலோடு போயிருந்தேன். அண்ணன் அதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "என்னடா, கலங்கலா இருக்கு? பழைய சரக்கை உன் தலையில கட்டிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே கிளாஸில் நாலு ஐஸ் கட்டியைப் போட்டு ஊற்றினார். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தது. "தே ஓ மாதிரி துவர்க்குது. ஆரஞ்சு வாசமே இல்லையே!"

இரண்டு நிமிடத்தில் மூன்று தவறுகள். அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் முதல் தடவை இதையேதான் செய்தேன்.

கடைசித் தவறை முதலில் முடித்துவிடலாம். இதில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. முழுக்க முழுக்கத் திராட்சைதான், அதுவும் வெள்ளை ஒயினுக்கு எடுக்கும் பச்சை நிறத் திராட்சை. நிறத்தை வைத்து 2004-இல் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் வணிகர் வைத்த பெயர் அது. ஜார்ஜியர்கள் 'அம்பர்' நிறத்து ஒயின் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது, ஆனால் கடையில் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள்.

துவர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயமே. வெள்ளை ஒயின் செய்யும்போது திராட்சையைப் பிழிந்த உடனே தோலை எடுத்துவிட்டு, சாற்றை மட்டும் புளிக்க விடுவார்கள். சிவப்பு ஒயினில் தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். ஆரஞ்சு ஒயின் என்பது பச்சைத் திராட்சையைச் சிவப்பு ஒயின் செய்வதுபோலவே செய்வது. 'ஸ்கின் காண்டாக்ட்' என்று போத்தலில் எழுதியிருப்பது இதைத்தான். சாறு தோலோடும் விதையோடும் ஊறிக் கிடந்த காலம் அது. தேயிலையை வெந்நீரில் இரண்டு நிமிடம் விட்டால் ஒரு தே, பத்து நிமிடம் மறந்துபோனால் வேறொரு தே. தேயிலையிலிருந்து இறங்குவதும் திராட்சைத் தோலிலிருந்து இறங்குவதும் ஒரே குடும்பத்துச் சரக்குதான், டானின். வாய் உலர்ந்து நாக்கு சொரசொரப்பாவது அதனால்தான்.

எவ்வளவு நேரம் ஊறியது என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. சிலர் இரண்டு மூன்று நாளில் தோலை எடுத்துவிடுவார்கள், அது லேசாகத்தான் துவர்க்கும். ஜார்ஜியாவின் காகெத்தி பகுதியில் மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த 'க்வெவ்ரி' என்னும் பெரிய களிமண் தாழியில், தோல், விதை, சில சமயம் காம்பு எல்லாவற்றோடும் ஐந்தாறு மாதம் மூடி வைப்பார்கள். தாழியின் உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். நான் கொண்டுபோனது அந்த வகை, ர்காட்சிதெலி என்ற திராட்சை. இத்தாலியில் ஃப்ரியூலி பகுதியின் யோஸ்கோ கிராவ்னர் 2000-இல் ஜார்ஜியா போய்ப் பார்த்துவிட்டு வந்து, 2001 அறுவடையிலிருந்து தன் ஒயினைத் தாழிக்கு மாற்றினார். மேற்கு ஐரோப்பாவில் இந்த முறை மறுபடி பேசப்பட்டதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம்.

இனி ஐஸ் கட்டிக்கு வருவோம். நம் ஊர் வெயிலுக்கு எதையும் ஜில்லென்று குடிக்கத்தான் கை போகும். ஆனால் குளிர் கூடக் கூட டானினின் துவர்ப்பும் கசப்பும் முன்னால் வந்து நிற்கும், வாசனை உள்ளே ஒளிந்துகொள்ளும். போதாததற்கு ஐஸ் கரைந்து தண்ணீராகவும் ஆகிவிடும். ஆரஞ்சு ஒயினுக்கு 12 முதல் 14 பாகை செல்சியஸ் சரியாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, திறந்து, அரை மணி நேரம் மேசைமேல் வையுங்கள். கிளாஸில் ஊற்றி வைத்தால் கோலாலம்பூர் வெக்கைக்கு இன்னும் சீக்கிரம் ஆகிவிடும். அன்று அண்ணனுக்கு வேறு கிளாஸில் ஊற்றிக் கொஞ்ச நேரம் தொடவேண்டாம் என்று சொன்னேன். அதற்குள் அண்ணி மட்டன் குருமாவைக் கொண்டுவந்து வைத்தார்.

தே ஓ துவர்க்கிறது, அதிலேயே பால் விட்டால் துவர்ப்பு அடங்கிவிடுகிறது அல்லவா? பாலிலுள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பும் புரதமும் உள்ள குருமாவும் அதே வேலையைச் செய்யும். இரண்டாவது கிளாஸில் அண்ணன் உலர்ந்த ஆப்ரிகாட், தேயிலை, கொஞ்சம் தேன் என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சம்பலோடும் கார வறுவலோடும் குடித்துப் பார்க்க வேண்டாம். மிளகாயின் எரிச்சலை மதுவும் டானினும் சேர்ந்து ஊதிப் பெருக்கிவிடும்.

நிறம் அடர்த்தியாக இருந்தால் அதிக நாள் ஊறியது என்று நினைப்பது இன்னொரு தவறு. பினோ கிரிஜியோ திராட்சையின் தோலே சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாக இருக்கும், கொஞ்ச நேரத்திலேயே செம்பு நிறம் இறங்கிவிடும். நிறத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை நாள் ஊறியது என்று கடைக்காரரைக் கேளுங்கள். முதல் தடவை குடிப்பவர் பத்து நாளுக்குக் கீழே உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆறு மாதத் தாழி ஒயினை நான் அண்ணனுக்குக் கொண்டுபோனது என் தவறுதான்.

அப்புறம், ஆரஞ்சு ஒயின் எல்லாம் நேச்சுரல் ஒயின் என்ற குழப்பம். ஒன்று திராட்சைத் தோலை என்ன செய்தோம் என்பது, மற்றது எதைச் சேர்த்தோம், எதை எடுத்தோம் என்பது; நேச்சுரல் என்றால் இரண்டையும் முடிந்தவரை குறைப்பது. வாங்கிய ஈஸ்ட் போட்டு, வடிகட்டி, கண்ணாடிபோல் தெளிவாக வரும் ஆரஞ்சு ஒயினும் உண்டு. நேச்சுரல் ஒயினோ சிவப்பாகவும் வெள்ளையாகவும் இருக்கலாம். நேச்சுரல் என்ற சொல்லுக்கு உலகம் முழுக்க ஒரே சட்ட வரையறை கிடையாது. பிரான்சில் 2020-இல் வந்த 'வேன் மெத்தோட் நாத்யூர்' முத்திரை ஓரளவு தெளிவானது. இயற்கை முறைச் சான்று பெற்ற திராட்சை, கையால் பறித்தது, தோலிலும் தோட்டத்திலும் இருக்கும் ஈஸ்ட், வேறு சேர்மானம் இல்லை, ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள். இனிப்பில்லாத சாதாரண வெள்ளை ஒயினுக்கு ஐரோப்பிய உச்சவரம்பு 200. ஈஸ்டே புளிக்கும்போது கொஞ்சம் சல்ஃபைட் உண்டாக்கும், அதனால் 'சேர்க்கவில்லை' என்றால் 'அறவே இல்லை' என்று பொருள் இல்லை. தலைவலி வராது என்று குடிப்பவர்கள் கவனிக்க, மது அதே 12 விழுக்காடுதான்.

சரி, கலங்கல். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோட்டத்தில் தாத்தா குடித்த கள்ளு தெளிவாகவா இருந்தது? அதில் மிதந்தது ஈஸ்ட். நேச்சுரல் ஒயினில் மிதப்பதும் பெரும்பாலும் இறந்த ஈஸ்டும், திராட்சைச் சதைத் துணுக்கும், புரதமும்தான். சாதாரண ஒயினில் இவற்றை வடிகட்டி எடுப்பார்கள், அல்லது முட்டை வெள்ளை, பால் புரதம், மீனின் காற்றுப்பை, பென்டோனைட் களிமண் போன்ற ஒன்றைப் போட்டு அடியில் படியவைத்துத் தெளிய வைப்பார்கள். (வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவர் அன்று ஒயின் குடிப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவர் பார்க்க வேண்டியது 'வடிகட்டாதது' என்ற சொல்லை அல்ல, 'எதுவும் போட்டுத் தெளிய வைக்காதது' என்பதை. இரண்டும் வேறு.)

ஆக, கலங்கல் கெட்டதற்கு அடையாளமில்லை. அதேபோல நல்ல நேச்சுரல் ஒயினுக்கும் அடையாளமில்லை, கலங்கலாக இருந்தால்தான் அசல் என்று சொல்லி விற்பவர்களை நான் நம்புவதில்லை. போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். கலங்கலில் பெரும்பகுதி அடியில் படிந்தால் வெறும் மண்டிதான். மெதுவாகச் சாய்த்து மேலே உள்ளதை முதலில் ஊற்றுங்கள், கடைசி இரண்டு விரல் அளவை மண்டி பிடிக்காதவர் விட்டுவிடலாம்.

சந்தேகப்பட வேண்டியது வேறு அறிகுறிகளை. நுரைக்காத ஒயின் என்று வாங்கியது, திறந்ததும் நுரைத்து, கார்க்கும் மேலே தள்ளியிருந்தால், மிச்சமிருந்த சர்க்கரை போத்தலுக்குள் மறுபடி புளித்திருக்கலாம். சல்ஃபைட் குறைந்த ஒயினுக்கு இதைத் தடுக்கும் காவல் குறைவு, வெப்பம் அதைத் தூண்டிவிடும். ஒரு முறை பங்சாரில் வாங்கிய போத்தலைக் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு நண்பகல் முழுக்கச் சுற்றினேன். மாலையில் அது ஊசிய கள்ளுபோல ஆகியிருந்தது. வெயிலில் நிற்கும் கார் 50 பாகையைத் தாண்டும். வாங்கினால் நேராக வீட்டுக்கு, வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு. ('பெட்-நாட்' என்று எழுதியிருந்தால் அது போத்தலுக்குள்ளேயே புளித்து முடிய விட்ட வகை, நுரை இருக்கத்தான் வேண்டும், அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.)

அவிந்த முட்டை அல்லது தீக்குச்சி வாசம் வந்தால் பயம் வேண்டாம். கிளாஸைச் சுழற்றினால், அல்லது ஒரு ஜாடியில் மாற்றி அரை மணி நேரம் விட்டால், பெரும்பாலும் போய்விடும். எலி வாடை அப்படியல்ல. 'மவுசி' என்று ஒயின்காரர்கள் சொல்லும் இது, சல்ஃபைட் குறைந்த ஒயினில் பெரும்பாலும் பாக்டீரியாவால் வரும் குறை. முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கிப் பத்துப் பதினைந்து நொடி கழித்து, தொண்டைக்குப் பின்னாலிருந்து நமத்துப்போன பிஸ்கட்டும் எலிக்கூண்டும் கலந்த ஒரு வாடை எழும். ஒயின் புளிப்பானது, அந்தச் சேர்மங்கள் அதற்குள் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். எச்சில் புளிப்பைக் குறைத்ததும் வெளியே வருகின்றன. அவற்றில் ஒன்றுதான் பாண்டான் இலைக்கும் பாஸ்மதி அரிசிக்கும் மணம் தருவது என்று தெரிந்த நாளில் நாசி லெமாக்கை நான் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தேன். சோதிக்க, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகருங்கள், அல்லது ஒரு கரண்டி ஒயினில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். காற்றுப் பட்டால் இது கூடுமே தவிரக் குறையாது, திறந்து வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. உணவகத்தில் என்றால் திருப்பிக் கொடுக்கலாம். கலங்கலுக்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது.

செந்தூலில் அன்று நான் திறந்த இரண்டாவது போத்தலில் இந்த வாடை இருந்தது. அண்ணனும் நானும் இரண்டாவது வாயோடு கிளாஸைத் தள்ளி வைத்தோம். அண்ணி குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, என்ன வாடை?" என்றார். சிலருடைய வாய்க்கு இது தெரிவதே இல்லை. குருமாவோடு அந்தப் போத்தலை அவர்தான் முடித்தார்.