அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து போட்டால் சிரங்கு போகாது

பகலில் அவ்வளவாகத் தெரியாத அரிப்பு, ராத்திரி படுத்ததும் விரல் இடுக்குகளில் பிடுங்கித் தின்கிறதா? முதலில் சந்தேகப்பட வேண்டியது சிரங்கைத்தான். பலர் இதை வெறும் அலர்ஜி என்று நினைத்து, கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவார்கள். அரிப்பு கொஞ்சம் அடங்கும். ஆனால் சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி சாகாது, பரவிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்குத் தோலின் தோற்றமும் மாறிவிடுவதால், பிறகு பார்க்கும் மருத்துவரே குழம்பக்கூடும்.

சொறிந்து புண்ணான இடத்தில் தேடினால் அடையாளம் கிடைக்காது. சொறியாத விரல் இடுக்கையும் மணிக்கட்டின் உட்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் லேசாகக் கிறுக்கியதுபோல, சாம்பல் நிறத்தில் வளைந்த கோடு ஒன்று, அரை சென்டிமீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். அதன் ஒரு முனையில் கரும்புள்ளி தெரிந்தால் அதுதான் பெண் பூச்சி. தோலின் மேலடுக்கைக் குடைந்துகொண்டே போய், தினம் இரண்டு மூன்று முட்டை இடுகிறது. கோடு கண்ணில் படவில்லை என்பதற்காகச் சிரங்கு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒருவர் உடம்பு முழுக்கவே பெரும்பாலும் 10, 15 பூச்சிகள்தான் இருக்கும்.

அப்படியானால் இவ்வளவு அரிப்பு எதனால்? பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் நம் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அது. முதல் தடவை தொற்றியவருக்கு அந்த ஒவ்வாமை உருவாகவே நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வீட்டோடு மருந்து போடச் சொல்வது இதனால்தான்.

ஒரு வீட்டில் நடப்பதைப் பாருங்கள். விடுதியிலிருந்து சிரங்கோடு வந்த அண்ணன், தங்கை பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான். இரண்டு வாரம் கழித்து அவனுக்கு மட்டும் மருந்து போடுகிறார்கள், குணமாகிறது. தங்கைக்கு அரிப்பே இல்லை, ஆனால் பூச்சி ஏற்கெனவே அவளிடம் குடியேறிவிட்டது. அவளிடமிருந்து மறுபடி அண்ணனுக்கு வருகிறது. அவன் உடம்புக்குப் பூச்சியை ஏற்கெனவே தெரியும் என்பதால், இந்தத் தடவை ஓரிரு நாளிலேயே அரிக்கும். வீட்டில் எல்லோரும் மருந்தைத் திட்டுவார்கள்.

அதனால் எல்லோருக்கும் ஒரே ராத்திரியில். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு என்றால் கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடி உட்பட, 8 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவுங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். முட்டையிலிருந்து புதிதாக வருபவற்றுக்காக 7 முதல் 14 நாளில் இன்னொரு தடவை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் போட வேண்டாம். சமீபத்தில் பயன்படுத்திய துணி, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைக்கலாம். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். மனித உடம்பை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பூச்சி பிழைக்காது.

அப்புறம், மருந்துக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். செத்த பூச்சி தோலுக்குள்ளேயே கிடப்பதால் வருவது இது. பயந்துபோய்த் தினமும் களிம்பு பூசினால் தோல் எரிந்து அந்த எரிச்சலே புது அரிப்பாகும். புதிதாகக் கோடுகள் தோன்றினாலோ, நான்கு வாரம் தாண்டியும் அரிப்பு குறையாவிட்டாலோ மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.