முதல் ஜனாஸா தொழுகையில் நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

ஜனாஸா தொழுகைக்கு முதன்முதலாக வந்திருக்கும் பையனைக் கடைசி வரிசையில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். இமாம் இரண்டாவது தக்பீர் சொன்னதும் அவன் இடுப்பு லேசாக வளையும், சுற்றி யாருமே குனியவில்லை என்று தெரிந்ததும் சட்டென்று நிமிர்ந்துகொண்டு ஓரக்கண்ணால் பக்கத்து ஆளைப் பார்ப்பான். ஐந்து வேளையும் தொழுகிறவனுக்குத்தான் இது அதிகம் நடக்கும். 'அல்லாஹு அக்பர்' என்று கேட்டால் குனிய வேண்டும் என்று உடம்பு வருஷக்கணக்காகப் பழகியிருக்கிறது, இங்கே அந்தப் பழக்கமே காலை வாரிவிடுகிறது.

ஜனாஸா தொழுகைக்குப் பாங்கு இல்லை, இகாமத் இல்லை, ருகூ இல்லை, சஜ்தா இல்லை, நடு இருப்பும் இல்லை. நின்றுகொண்டே நான்கு தக்பீர், அப்புறம் சலாம், அவ்வளவுதான். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒளு கண்டிப்பாக வேண்டும், கிப்லாவை நோக்கித்தான் நிற்க வேண்டும். தண்ணீர் தேடிப் போனால் தொழுகையே தவறிவிடும் என்ற நிலையில் தயம்மும் செய்துகொள்ள ஹனஃபி மத்ஹபில் இடம் உண்டு, ஷாஃபியில் இல்லை. அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒளுவோடு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். ஊரே திரண்டு வந்திருக்கும் நேரத்தில் பள்ளிவாசல் ஹவுளைச் சுற்றி உட்கார இடம் கிடைக்காது.

தொழுகைக்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர் முன்னே வந்து, மய்யித்து யாருக்காவது கடன் பாக்கி வைத்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்று அறிவிப்பார். ஏதாவது பாக்கி இருந்தால் அடக்கம் முடிந்தபின் வாரிசுகளைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். அந்த இடத்திலேயே கையைத் தூக்கிக்கொண்டு கணக்கை ஆரம்பிக்கிற ஆட்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது வரிசை. சாதாரணத் தொழுகையில் சஜ்தாவுக்கு இடம் விட்டு நிற்கிறோம், அதே நான்கடி இடைவெளியை இங்கேயும் விட்டு நிற்பதால்தான் வரிசைகள் பள்ளி முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடுகின்றன. யாரும் தலையைத் தரையில் வைக்கப் போவதில்லை, முன்னால் நிற்பவர் முதுகில் இடிக்காத அளவு தள்ளி நின்றால் போதும். பக்கவாட்டில் மட்டும் தோளோடு தோள் நெருங்கி நிற்க வேண்டும். மூன்று வரிசையாவது இருப்பது சிறப்பு என்று ஹதீஸ் இருப்பதால் ஆட்கள் குறைவாக இருந்தாலும் ஒரே நீள வரிசையாக நிற்க விடமாட்டார்கள். ஹனஃபி நூல்களில் ஏழு பேர் கணக்கு ஒன்று உண்டு: ஒருவர் இமாம், அவருக்குப் பின்னால் மூன்று பேர், அதற்குப் பின்னால் இரண்டு பேர், கடைசியில் ஒருவர். சாதாரண ஜமாஅத்தில் ஒருவர் தனி வரிசையாக நிற்பதை விரும்பமாட்டார்கள், இங்கே அது முறைதான். மோதினார் உங்களைப் பின்னுக்கு அனுப்பினால் முகம் சுளிக்க வேண்டாம். ஜனாஸாவில் கடைசி வரிசைக்குத்தான் கூடுதல் சிறப்பு என்றே ஹனஃபி நூல்கள் சொல்கின்றன, ஆகையால் முன்வரிசைக்கு முண்டியடிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

மையவாடியிலோ மைதானத்திலோ தொழுகை நடந்தால் செருப்புப் பிரச்சினை வரும். செருப்பின் அடியில் அசுத்தம் ஒட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் காலில் போட்டுக்கொண்டே தொழக் கூடாது. கழற்றிவிட்டு வெறுங்காலில் சுத்தமான தரையில் நிற்பதே மேல். தரையும் நம்பும்படி இல்லையென்றால் செருப்பைக் கழற்றி அதன் மேல்பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதன் மேல் ஏறி நிற்பார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு, எல்லோரும் செருப்போடுதான் தொழுகிறார்கள் போல என்று வாரை மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அவர் செருப்புக்கு மேலே நிற்கிறார், நீங்கள் செருப்புக்கு உள்ளே நிற்கிறீர்கள்.

இனி அந்த மௌனம். இமாமின் தக்பீரும் சலாமும் மட்டும்தான் காதில் விழும், மற்றதெல்லாம் அவரவர் உதட்டுக்குள். ஒன்றும் ஓதாமல் சும்மா நிற்கிறார்கள் என்று புதிதாக வருகிறவருக்குத் தோன்றும், உண்மையில் ஒவ்வொரு தக்பீருக்குப் பின்னும் ஓத வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் தக்பீருக்குப் பின் என்ன என்பதில் நம் ஊர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை மாதிரி கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழக்கப்படி அல்ஹம்து சூரா ஓதுவார்கள், உள்மாவட்ட ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி வழக்கப்படி சனா ஓதுவார்கள். இரண்டாவது தக்பீருக்குப் பின் இரு சாராரும் ஸலவாத்து, நாம் அத்தஹிய்யாத்துக்குப் பின் ஓதுகிறோமே அதே ஸலவாத்து. மூன்றாவதுக்குப் பின் மய்யித்துக்கான துஆ, இந்தத் தொழுகையின் உயிரே அதுதான். நான்காவதுக்குப் பின் ஷாஃபிகள் சின்னதாக இன்னொரு துஆ ஓதிவிட்டு சலாம் கொடுப்பார்கள், ஹனஃபிகள் நேராகச் சலாமுக்குப் போவார்கள்.

கை விஷயத்திலும் இதே கதை. ஹனஃபிகள் முதல் தக்பீரில் மட்டும் கை உயர்த்துவார்கள், ஷாஃபிகள் நான்கிலும் உயர்த்துவார்கள். கீழக்கரையில் பெண் எடுத்த மதுரை மாப்பிள்ளையும் அவர் மச்சானும் ஒரே வரிசையில் நின்றால் ஒருவர் கை நான்கு தடவை எழும், இன்னொருவர் கை ஒரு தடவைதான் எழும். இரண்டும் சரி. தப்பு என்னவென்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து நடுவில் மாற்றிக்கொள்வது, அதைவிடப் பெரிய தப்பு தொழுது முடித்ததும் அவருக்குப் பாடம் நடத்துவது. ஒவ்வொரு தக்பீருக்கும் தலையை அண்ணாந்து வானத்தைப் பார்க்கும் பழக்கம் ஒன்றும் பரவலாக இருக்கிறது, அதற்கு எந்த மத்ஹபிலும் ஆதாரம் இல்லை. யாரோ செய்ததைப் பார்த்து எல்லோரும் செய்கிறார்கள், நீங்கள் பேசாமல் தலை தாழ்த்தி நில்லுங்கள்.

துஆ மனப்பாடம் இல்லையே என்று பயந்து வரிசையை விட்டு ஒதுங்கி நிற்கிற இளைஞர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஹனஃபி சட்டப்படி இதன் அடிப்படைக் கடமைகள் இரண்டுதான், நிற்பதும் நான்கு தக்பீரும். துஆ தெரியாதவர் தக்பீர்களைச் சரியாகச் சொல்லி நின்றாலே தொழுகை கூடிவிடும். ஷாஃபியில் அல்ஹம்து, ஸலவாத்து, மய்யித்துக்கான துஆ மூன்றும் கட்டாயம். ஆனால் துஆவின் குறைந்த அளவு 'அல்லாஹும்மஃக்ஃபிர் லஹு', யா அல்லாஹ் இவரை மன்னிப்பாயாக, என்ற ஒரே வரிதான். பெண் மய்யித்தாக இருந்தால் 'லஹு' இருக்கும் இடத்தில் 'லஹா'. இதற்காகத்தான் தொழுகை தொடங்குமுன் ஆண் ஜனாஸாவா பெண் ஜனாஸாவா என்று அறிவிக்கிறார்கள், காதில் விழவில்லையென்றால் அப்போதே பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பு கேட்காத தூரத்தில் நின்றாலும் ஷாஃபி ஊர்களில் ஒரு குறிப்பு கிடைக்கும்: ஆண் என்றால் இமாம் தலைக்கு நேராக நிற்பார், பெண் என்றால் உடலின் நடுப்பகுதிக்கு நேராக. ஹனஃபியில் இருவருக்கும் நெஞ்சுக்கு நேராகத்தான் நிற்பார். எதுவுமே தெரியாவிட்டாலும், இமாம் யாருக்காகத் தொழவைக்கிறாரோ அவருக்காக நானும் தொழுகிறேன் என்ற நிய்யத் போதும்.

அந்த ஒரு வரியை வரும் வழியிலேயே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போனைத் திறந்து வைத்துப் பார்த்து ஓதுவதை விட்டுவிடுங்கள், பார்த்து ஓதினால் ஹனஃபியில் தொழுகையே முறிந்துவிடும். சத்தமாக ஓதவும் வேண்டாம், உங்கள் குரலில் பக்கத்து ஆளுக்குத் தன் துஆ தடுமாறும்.

தாமதமாக வந்தால்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். நீங்கள் ஓடி வருகிறீர்கள், வரிசை நின்றுகொண்டிருக்கிறது, இமாம் மூன்றாவது தக்பீர் சொல்லி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனையாவது என்று நின்றுகொண்டிருப்பவரிடம் கேட்க முடியாது, நிலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் நான்கு தக்பீருக்கும் நிற்கும் நிலை ஒன்றுதான். அதனால் இமாமின் கணக்கை விட்டுவிடுங்கள், உங்கள் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வாயிலிருந்து மொத்தம் நான்கு வர வேண்டும்.

நீங்கள் ஹனஃபி என்றால் வரிசையில் நின்று அடுத்த தக்பீருக்குக் காத்திருங்கள். இமாம் நான்காவதைச் சொல்லும்போது நீங்களும் சொல்கிறீர்கள், உங்களுக்கு அது முதலாவது. அவர் சலாம் கொடுத்ததும் நீங்கள் கொடுக்காமல் நின்று மீதி மூன்று தக்பீர்களைச் சொல்லிவிட்டு சலாம் கொடுக்க வேண்டும். சந்தூக்கைத் தூக்கிவிடுவார்கள் என்ற நிலை இருந்தால் இடையில் எதுவும் ஓதாமல் தக்பீர்களை மட்டும் தொடர்ந்து சொல்லி முடித்துவிடலாம். ஷாஃபி என்றால் காத்திருக்கத் தேவையில்லை, வந்த உடனே தக்பீர் சொல்லிச் சேர்ந்து அல்ஹம்து ஓதத் தொடங்குங்கள். பாதியில் இமாம் நான்காவதைச் சொன்னால் அல்ஹம்துவை அங்கேயே விட்டுவிட்டு அவரோடு தக்பீர் சொல்ல வேண்டும், உங்களுக்கு அது இரண்டாவது, அதனால் ஸலவாத்து. அவர் சலாம் கொடுத்தபின் மூன்றாவது சொல்லி துஆ, நான்காவது சொல்லி சலாம். பொதுவாக நடக்கும் தவறு, இமாமோடு சேர்ந்து ஒரே ஒரு தக்பீரும் ஒரு சலாமும் சொல்லிவிட்டு, ஜனாஸா கிடைத்துவிட்டது என்று தோள் கொடுக்க ஓடுவது. தோள் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், நீங்கள் நின்று முடியுங்கள்.

வேற்று மத நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் நம் ஊர்களில் எப்போதும் வருவார்கள். அவர்கள் தொழுகையில் நிற்க வேண்டியதில்லை, நிற்கவில்லையே என்று யாரும் நினைக்கவும் மாட்டார்கள். வரிசைகளுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ நின்றுகொண்டால் போதும், சந்தூக்குக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் நடக்காமல் இருந்தால் போதும். மரியாதை என்று நினைத்து வரிசையின் ஓரத்தில் நின்றுவிடுகிறவர்களும் உண்டு, யாராவது மெதுவாகக் கையைப் பிடித்துப் பின்னால் அழைத்துப் போனால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே நிற்பது என்று தெரியாவிட்டால் மோதினாரிடம் கேளுங்கள், அவர் இடம் காட்டுவார்.

நம் ஊரில் ஒரு ஜனாஸாவிலும் நிற்காமல் உம்ரா போய், மக்காவில்தான் முதல் தடவையாக நிற்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு ஃபர்ளு தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் 'அஸ்ஸலாத்து அலல் அம்வாத்தி' என்று அறிவிப்பு வரும். என்னவென்று தெரியாமல் பலர் சுன்னத் தொழ எழுந்து கை கட்டிவிடுகிறார்கள், அதற்குள் ஜனாஸா தொழுகை பாதி போய்விடும். சலாம் கொடுத்ததும் இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருங்கள், அறிவிப்பு வந்தால் எழுந்து நில்லுங்கள். பெண்களும் அங்கே சேர்ந்தே தொழுகிறார்கள், நம் ஊரில் வாய்ப்பு கிடைக்காத பெண்கள் இந்த முறையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இன்னொன்று, அங்கே இமாம் வலது பக்கம் ஒரே ஒரு சலாம்தான் கொடுப்பார், அது ஹன்பலி வழக்கம். இரண்டாவதை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், உங்கள் வழக்கம் இரண்டு என்றால் மற்றதை நீங்களே கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.