கூட்டமாக்கிய அட்டவணையில் இடையம் காணும்போது வரும் தவறுகள்

ஒரு தோட்டத்தில் 40 பேர் ஒரே நாளில் பறித்த கொழுந்தின் நிறையை, கிட்டிய கிலோவுக்கு மட்டந்தட்டி இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

| நிறை (கிலோ) | மீடிறன் | திரள் மீடிறன் |
|---|---|---|
| 11–15 | 4 | 4 |
| 16–20 | 8 | 12 |
| 21–25 | 10 | 22 |
| 26–30 | 15 | 37 |
| 31–35 | 3 | 40 |

பலர் முதலில் 15 பேர் இருக்கும் 26–30ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். அது ஆகார வகுப்பு. இடையத்துக்குத் திரள் மீடிறன் நிரலைத்தான் பார்க்க வேண்டும். 40இன் பாதி 20. முதல் இரண்டு வகுப்புகளில் 12 பேர்தான் வருகிறார்கள், மூன்றாவதோடு 22 ஆகிவிடுகிறது. ஆகவே இடையம் 21–25இல் இருக்கிறது.

அடுத்து எல்லை. 20.6 கிலோ பறித்தவரும் மட்டந்தட்டும்போது 21 ஆகிவிடுவார். அதனால் இந்த வகுப்பு உண்மையில் 20.5இல் தொடங்கி 25.5இல் முடிகிறது, அகலம் 5. 25இலிருந்து 21ஐக் கழித்து அகலம் 4 என்று போட்டால் விடை பிழைக்கும்.

சரி, 20ஆவது இடத்துக்கு வர முந்திய 12 பேருக்கு மேல் இன்னும் 8 பேர் வேண்டும். இந்த வகுப்பில் இருப்பது 10 பேர். எனவே அகலத்தில் பத்தில் எட்டுப் பங்கு உள்ளே போக வேண்டும்:

```
20.5 + (20 − 12)/10 × 5 = 24.5
```

இங்கே 12க்குப் பதிலாக அதே வகுப்பின் 22ஐக் கழிப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை. அப்போது 19.5 வரும். அது வகுப்புக்கு வெளியே விழுவதால் உடனே பிடிபட்டுவிடும். ஆனால் கீழே 10க்குப் பதிலாக 22ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22.3 வரும். அதுவும் 21–25க்குள்ளேயே இருப்பதால் கண்ணில் படாது. ஆகவே விடை வகுப்புக்குள் விழுந்தால் மட்டும் போதாது. வகுக்கும் எண் அந்த வகுப்பின் சொந்த மீடிறன்தானா என்று தனியாகப் பாருங்கள்.

வளையி வரைபவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. திரள் மீடிறனை வகுப்பின் நடுப்புள்ளியில் குறிக்கக் கூடாது. 22 பேர் என்பது 25.5 வரை எண்ணி முடித்த பிறகு கிடைக்கும் தொகை, எனவே அதை மேல் எல்லையான 25.5இல்தான் குறிக்க வேண்டும். நடுவான 23இல் குறித்துப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் இடையம் 22 என்று வாசிக்கப்படும். அரை வகுப்பு, அதாவது 2.5 கிலோ, குறைந்துபோகும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் 24.5 ஒரு மதிப்பீடுதான். அந்தப் பத்துப் பேரும் வகுப்புக்குள் சீராகப் பரந்திருக்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொண்டோம். நாளுக்கு 21 கிலோ என்று இலக்கு வைத்திருந்தால் அந்த அளவை எட்டியதும் பலர் நிறுத்தியிருக்கலாம். பத்தில் ஒன்பது பேர் 21, 22 கிலோவில் நின்றிருந்தால் மெய்யான இடையம் 22ஐத் தாண்டாது. இதை அட்டவணையிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை, கொழுந்து நிறுத்த மூலக் குறிப்பைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.