சம்பளம் 9 லட்சம், செலவு 11 லட்சம்: வங்கி ஸ்டேட்மென்ட்டை ஷீட்டில் போடும்போது நடக்கும் தவறுகள்

போன ஏப்ரலில் நண்பர் ஒருவர் தன் வருடச் செலவுக் கணக்கை அனுப்பியிருந்தார். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வங்கி ஆப்பிலிருந்து இறக்கி, கூகுள் ஷீட்ஸில் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் மளிகை, வாடகை, பெட்ரோல் என்று வகை எழுதியிருந்தார். கணக்கில் வந்த பணம் 9,12,000 ரூபாய். அவர் கண்டுபிடித்த செலவு 10,92,900 ரூபாய். ஆனால் வருடத் தொடக்கத்தில் 48,200 ஆக இருந்த இருப்பு முடிவில் 64,700 ஆகக் கூடியிருந்தது. வரவை மிஞ்சிச் செலவு செய்தவர் கையில் பணம் எப்படிக் கூடும்?

வகை போட்டதில் பெரிய பிழை இல்லை. பிழை அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்தது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

தேதி தலைகீழாகப் போவது

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். நம் வங்கிகள் பொதுவாக நாள்/மாதம்/வருடம் என்று எழுதுகின்றன. ஷீட்டின் அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் அது மாதத்தை முதலில் படிக்கும். 02/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 2. அதற்கு பிப்ரவரி 4. நாள் 12-ஐத் தாண்டினால் அப்படி ஒரு மாதமே இல்லை என்பதால் அந்தத் தேதியை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, பாதித் தேதிகள் தவறாக மாறும், மீதி மாறாமலே நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது.

நான் மாதாமாதம் 2-ஆம் தேதி 14,000 வாடகை கட்டுகிறேன். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கட்டிய ஒன்பது வாடகையும் 2024 பிப்ரவரிக்குப் போய், நிதியாண்டுக்கு வெளியே விழுந்துவிட்டன. 1,68,000 வரவேண்டிய இடத்தில் 42,000 வந்தது. வாடகை என்பதால் கண்ணில் பட்டது. மாதத் தொடக்கத்தில் வாங்கும் மளிகையாக இருந்திருந்தால் 'பரவாயில்லையே, சிக்கனமாகத்தான் இருந்திருக்கிறோம்' என்று நினைத்திருப்பேன்.

தேதிப் பத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாலே இது தெரிந்துவிடும். சரியான தேதிகள் வலது ஓரமாகவும் எழுத்தாக நின்றவை இடது ஓரமாகவும் ஒட்டியிருக்கும். இரண்டும் கலந்திருந்தால் அங்கேயே திருத்த முயல வேண்டாம். மாறிப்போனவை எவை என்று பிரிக்க முயன்றால் குழப்பம்தான் கூடும். அந்த ஷீட்டை அழித்துவிட்டு, புது ஷீட்டில் முதலில் File → Settings → Locale என்பதில் India என்று வைத்துவிட்டுப் பிறகு கோப்பை ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு Locale-ஐ மாற்றினால், ஏற்கனவே தவறாகப் படித்த தேதி தவறாகவேதான் இருக்கும். எக்செல் என்றால் CSV கோப்பை நேரே இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், நோட்பேடில் திறந்து வரிகளை நகலெடுத்து ஒரே பத்தியில் ஒட்டிவிட்டு, Data மெனுவில் உள்ள Text to Columns வழியாகப் பிரிக்கும்போது தேதிப் பத்திக்கு DMY என்று சொல்லிவிடலாம்.

கூட்டலில் சேராத தொகைகள், இரண்டு முறை வந்த வரிகள்

சில ஸ்டேட்மென்ட்டுகளில் தொகைக்குப் பின்னால் ஓர் இடைவெளியோ Cr, Dr என்ற எழுத்தோ ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் அது எண் இல்லை, எழுத்து. SUM அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

இன்னொன்று, பல ஆப்களில் ஒரே தடவையில் முழு வருடத்தையும் இறக்க முடியாது. மூன்று மூன்று மாதமாக இறக்குவோம். ஜூன் 30 இரண்டு கோப்பிலும் வந்துவிடும், அல்லது இரண்டிலுமே விடுபடும். இதற்குப் பலரும் செய்வது, 'ஒரே மாதிரி வரிகளை நீக்கு' என்ற வசதியைத் தேதி, தொகை இரண்டை மட்டும் வைத்து ஓட்டுவது. அது ஆபத்து. ஒரே நாளில் இரண்டு முறை 15 ரூபாய்க்கு டீ குடித்திருந்தால் ஒரு டீ காணாமல் போகும். இரண்டு டீயும் உண்மையாகவே குடித்தவைதான்.

இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடிக்க ஸ்டேட்மென்ட்டிலேயே ஒரு காவலாளி இருக்கிறது. பலர் முதல் வேலையாக அதைத்தான் அழிக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் கடைசியில் வரும் இருப்புதான் அது. A தேதி, B விவரம், C குறிப்பு எண், D எடுத்தது, E போட்டது, F இருப்பு என்று வைத்துக்கொள்வோம். பழையது மேலே, புதியது கீழே என்று இருக்கும்போது மூன்றாவது வரியில் தொடங்கி இதை இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(F2-D3+E3-F3, 2)
```

எல்லா இடத்திலும் 0 வர வேண்டும். 0 வராத இடத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அல்லது இரண்டு முறை வந்திருக்கிறது, அல்லது தொகை எழுத்தாக இருந்து #VALUE! என்று கத்துகிறது. தேதி, தொகை, இருப்பு மூன்றும் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் ஒரே வரியின் நகல்தான். இரண்டு டீக்கும் இருப்பு வேறுவேறாக இருக்கும், 15 ரூபாய் வித்தியாசத்தில்.

சில வங்கிகள் புதியதை மேலே போட்டுத் தரும். அப்போது தேதியை வைத்து வரிசைப்படுத்தினால் ஒரே நாளுக்குள் இருக்கும் வரிகளின் வரிசை கலைந்து இந்தச் சோதனை பொய்யாகும். முதலில் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டு, அந்த எண்ணை வைத்துத் தலைகீழாக்குங்கள்.

நடுவில் ஒரு வார்த்தை: ஆப் பி.டி.எஃப் மட்டும்தான் தருகிறது என்பதற்காக, அதைக் கடவுச்சொல்லோடு முகம் தெரியாத இலவச மாற்றித் தளங்களில் ஏற்றாதீர்கள். வருடம் முழுக்க நீங்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது அதில் இருக்கிறது. வங்கியின் இணையதளத்தில் நுழைந்தால் பெரும்பாலும் எக்செல் அல்லது CSV கிடைக்கும்.

வகை போடும்போது

ஆயிரக்கணக்கான யு.பி.ஐ. வரிகளைக் கையால் குறிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. Rules என்ற தனித் தாளில் A-யில் தேடும் சொல், B-யில் வகை என்று எழுதி, சூத்திரம் போடுவது வழக்கம்:

```
=ArrayFormula(IFERROR(INDEX(Rules!$B$2:$B$40,
 MATCH(TRUE, ISNUMBER(SEARCH(Rules!$A$2:$A$40, B2)), 0)), "?"))
```

இது முதலில் பொருந்தும் சொல்லை எடுத்துக்கொள்ளும். அதில்தான் வம்பு. OLA என்று ஆட்டோ செலவுக்கு விதி எழுதினால் KOLATHUR என்று வரும் கொளத்தூர்க் கடையெல்லாம் ஆட்டோவாகிவிடும். CHOLA என்று வருவதும் அப்படியே. RENT என்பது CURRENT-க்குள் இருக்கிறது. EB என்பது FEB-க்குள் இருக்கிறது. குட்டிச் சொற்களைத் தவிர்த்துவிட்டு, விவரத்தில் வரும் யு.பி.ஐ. ஐ.டி.யையே தேடும் சொல்லாக வைப்பது நல்லது. தெருமுனை மளிகைக்கடையின் பெயர் பெரும்பாலும் ஸ்டேட்மென்ட்டில் வராது, கடைக்காரரின் சொந்தப் பெயர்தான் வரும். அதே பெயரில் உங்கள் மெக்கானிக்கும் இருக்கலாம். ஐ.டி. அப்படிக் குழப்பாது.

Rules தாளில் 40-வது வரி வரை சொற்கள் நிரம்பவில்லையென்றால் வரம்பைச் சுருக்குங்கள். காலிக் கட்டம் எதனோடும் பொருந்திவிடும். தெரியாத வரிக்கு '?' வருவதற்குப் பதில் வெற்றிடம் வரும், நீங்களும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தவறாக வந்த வகையைத் திருத்த, சூத்திரத்தின் மேலேயே தட்டச்சு செய்யாதீர்கள். அடுத்த முறை சூத்திரத்தை இழுத்துவிடும்போது அத்தனை திருத்தமும் போய்விடும். G-யில் சூத்திரம், H-இல் கைத்திருத்தம், I-யில் முடிவு:

```
=IF(H2<>"", H2, G2)
```

யு.பி.ஐ. லைட்டில் செலவழித்த சில்லறை தனித்தனியாக வங்கி ஸ்டேட்மென்ட்டில் வராது, அதில் பணம் ஏற்றிய வரி மட்டும்தான் வரும். ஏ.டி.எம்.மில் எடுத்த பணமும் அப்படித்தான். இவற்றை நினைவிலிருந்து பிரிக்க முயல்வதைவிட 'சில்லறை', 'ரொக்கம்' என்றே விட்டுவிடுவது நேர்மை.

வெளியே போனதெல்லாம் செலவு இல்லை

இப்போது நண்பரின் 10,92,900-க்கு வருவோம். வங்கிக் கணக்கிலிருந்து போனது 8,95,500. கிரெடிட் கார்டில் வாங்கியது 1,97,400. இரண்டையும் கூட்டியிருக்கிறார். ஆனால் அந்த 8,95,500-க்குள்ளேயே கார்டு பில்லுக்குக் கட்டிய 1,86,000 இருக்கிறது. ஒரே செருப்பை வாங்கும்போது ஒருமுறை, பில் கட்டும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை எண்ணியாயிற்று. தவிர, தன்னுடைய இன்னொரு வங்கிக் கணக்குக்கே மாற்றிய 1,20,000, மாதம் 5,000 வீதம் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி.க்குப் போன 60,000. இவை இடம் மாறியவை, செலவு இல்லை. மூன்றுக்கும் 'மாற்றம்' என்று ஒரே வகை கொடுத்து, கூட்டலில் சேர்க்காமல் விட வேண்டும். 8,95,500-இல் இவற்றைக் கழித்தால் 5,29,500.

கார்டில் திருப்பி அனுப்பிய பொருட்களுக்கு 6,400 திரும்ப வந்திருந்தது. அதை வருமானத்தில் போடாமல் அந்தந்தப் பொருளின் வகையிலேயே கழித்தால் கார்டுச் செலவு 1,91,000. மொத்தம் 7,20,500. அப்புறம் ஊட்டிப் பயணம். நால்வருக்கும் சேர்த்து 18,000 இவர் கொடுத்தார், மூவர் ஆளுக்கு 4,500 திருப்பித் தந்தார்கள். அந்த 13,500 வரவுப் பத்தியில் வருமானம் போல உட்கார்ந்திருந்தது. அதையும் பயண வகையில் கழித்தால் உண்மையான செலவு 7,07,000.

இது சரிதானா என்று எப்படித் தெரியும்? வருமானத்திலிருந்து செலவைக் கழித்தால் வருவது எங்கேயாவது கிடக்க வேண்டும். 9,12,000-இல் நண்பர்கள் தந்த 13,500 போக வருமானம் 8,98,500. செலவு போக மிச்சம் 1,91,500. இப்போது எதிர்ப்பக்கம்: வங்கியில் கூடிய இருப்பு 16,500, இன்னொரு கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்த 1,20,000, ஃபண்டில் 60,000. மொத்தம் 1,96,500. கார்டில் வாங்கிவிட்டு இன்னும் கட்டாத பாக்கி 5,000 கூடியிருக்கிறது, அதைக் கழித்தால் 1,91,500. பொருந்துகிறது. இரண்டாவது கணக்கில் வந்த வட்டியை இங்கே விட்டுவிட்டேன், முழுதாகச் செய்யும்போது அது இரண்டு பக்கமும் வரும்.

பொருந்தாவிட்டால் இடைவெளியைப் பாதியாக்கிப் பாருங்கள். முதல் முறை செய்தபோது அவருக்கு 12,800 இடித்தது. பாதி 6,400. திரும்பி வந்த கார்டுப் பணத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தார்.