ரெண்டர் செய்ய கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறீர்களா? முதலில் விராமைப் பாருங்கள்

ஆட்டோகேடில் 2டி வரைபடம் மட்டும் போடுபவருக்குத் தனி கார்டே அவசியமில்லை. அந்தப் பணத்தை நல்ல பிராசஸரில் போடலாம். பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் எஞ்சினில் 3டி காட்சியைப் படமாக ரெண்டர் செய்பவருக்குத்தான் கார்டு முக்கியம். அதிலும் வேகத்தைவிட, கார்டுக்குள் இருக்கும் நினைவகமான விராம் முக்கியம்.

ஒரு வரவேற்பறைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பொருளின் பரப்பில் ஒட்டும் படமான டெக்ஸ்சர், 4கே அளவில் ஒன்று விராமில் சுமார் 64 எம்பி பிடிக்கும். ஒரு மெட்டீரியலுக்கு நான்கு டெக்ஸ்சர் என்றால் 256 எம்பி. சோபா, தரை, திரைச்சீலை என்று 20 மெட்டீரியல் சேர்ந்தால் 5 ஜிபி போய்விடும். மாடலும் விண்டோஸும் மீதியைக் கேட்கும். 8 ஜிபி கார்டு திணறி, `System is out of GPU memory` என்று திரையில் வரும். அதனால் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060-ஐவிட, வேகம் குறைந்த 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 மாணவருக்கு நல்லது என்பேன். ஏற்கெனவே 8 ஜிபி வைத்திருந்தால், தூரத்துப் பொருள்களின் டெக்ஸ்சரை 2கே ஆக்குங்கள்; இடம் கால்வாசியாகிவிடும்.

ராம் 32 ஜிபி, இரண்டு 16 ஆக வாங்குங்கள். திரைக்கு 24 அங்குல ஐபிஎஸ் பேனல் போதும். அது காட்டும் நிறங்களின் அளவான எஸ்ஆர்ஜிபி கிட்டத்தட்ட 100 சதவீதம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.