“ஒரு ரெஃபரல் போடேன்” என்று கேட்பதற்கு முன்

நண்பன் வேலை செய்யும் நிறுவனத்தில் ஒரு காலியிடம் வந்திருக்கிறது. “மச்சான், எனக்கு ஒரு ரெஃபரல் போடேன்” என்று ரெஸ்யூமை அனுப்புகிறோம். “சரிடா, போடுறேன்” என்று பதில் வருகிறது. அப்புறம் சத்தமே இல்லை. அவனுக்கு மனமில்லை போல என்று வருத்தப்படுகிறோம். பெரும்பாலும் அவன் ரெஃபரல் படிவத்தைத் திறந்து, அங்கேயே நின்றுபோயிருப்பான்.

பல நிறுவனங்களில் அந்தப் படிவம் ரெஸ்யூமோடு முடிவதில்லை. இவரை எப்படித் தெரியும், சேர்ந்து வேலை செய்திருக்கிறீர்களா, இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்றெல்லாம் கேட்கும். எழுதுவது அவன் பெயரோடு பதிவாகும். ஆள் எடுக்கும் மேலாளர் நேரிலேயே வந்து “ஆள் எப்படி?” என்று கேட்கவும் கூடும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. கல்லூரி நண்பன் ஒருவனைப் பற்றி “நன்றாக உழைப்பான்” என்று எழுதிப் போட்டேன். “எந்த வேலையில் பார்த்தீங்க?” என்று மேலாளர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நண்பனின் குணம் எனக்குத் தெரியும், அவன் வேலை தெரியாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் ரெஃபரல் கேட்பவர்கள் செய்யும் முதல் தவறு. பழக்கம் பத்து வருடமானாலும், படிவத்தில் எழுத ஒரு வரி வேண்டும்.

அந்த வரியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். டெஸ்ட் ஆட்டோமேஷன் வேலை ஒன்றுக்குக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். “ஏதாவது ஓபனிங் இருந்தா பார்” என்று எழுதினால், தேடும் வேலையும் அவன் தலையில் விழும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“உங்கள் கம்பெனியில் டெஸ்ட் ஆட்டோமேஷன் வேலை ஒன்று பார்த்தேன். ஜாப் ஐடியும் லிங்க்கும் கீழே இருக்கு. முக்கியமா மூணு விஷயம் கேட்டிருக்காங்க. செலினியமும் ஏபிஐ டெஸ்டிங்கும் எனக்கு நல்லாத் தெரியும். கையால் ரெண்டு நாள் ஓட்டிய ரெக்ரஷன் டெஸ்ட்டை மூணு மணி நேரத்தில் முடியற மாதிரி மாத்தினேன். மூணாவதா கேட்கிற பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் நான் செஞ்சதில்லை. என் வேலையை நீ நேரில் பார்த்ததில்லை, அதனால் கால் மணி நேரம் பேசலாமா? கேட்டுட்டு, சொல்ல முடியும்னு தோணினா மட்டும் போடு. ரெஸ்யூமை மட்டும் உள்ளே அனுப்பினாலும் எனக்குப் போதும்.”

இதைப் படித்தவனால் பொய் இல்லாமல் எழுத முடியும்: “கல்லூரியிலிருந்து தெரியும், சேர்ந்து வேலை செய்ததில்லை. ரெக்ரஷன் டெஸ்ட் நேரத்தை எப்படிக் குறைத்தார் என்று கேட்டேன், தெளிவாக விளக்கினார்.” அளவாகச் சொல்லப்பட்ட இந்த வார்த்தையை மேலாளர் நம்புவார். தெரியாததைத் தெரியாது என்று நீங்களே சொன்னதால், நேர்காணலில் அது வெளியே வந்தாலும் நண்பனுக்குத் தலைகுனிவு இல்லை.

செய்தியின் கடைசி வரியைக் கவனியுங்கள். ரெஸ்யூமை உள்ளே அனுப்புவது வேறு, “இவருக்கு நான் பொறுப்பு” என்று சொல்வது வேறு. இரண்டையும் பிரிக்காமல் கேட்டால், இரண்டாவதற்குத் தயங்குபவன் முதலாவதையும் செய்யாமல் விட்டுவிடுவான். மறுக்க வழியில்லாத நண்பன் “சரி” என்றுதான் சொல்வான், அதை நம்பி நீங்கள் காத்திருப்பீர்கள்.

இன்னொரு தவறு வரிசையில் நடக்கிறது. ஆர்வத்தில் நிறுவனத்தின் தளத்தில் நாமே விண்ணப்பித்துவிட்டு, பிறகு ரெஃபரல் கேட்கிறோம். பல நிறுவனங்களின் மென்பொருள், ஏற்கெனவே விண்ணப்பித்தவரைப் பிறகு ரெஃபரல் கணக்கில் ஏற்காது. ரெஃபரலுக்காக நிறுவனம் நண்பனுக்குத் தரும் தொகையும் அதோடு போகலாம். ஒரே வேலைக்கு இரண்டு பேரிடம் கேட்டாலும் முதலில் பதிந்தவர் பெயர்தான் பெரும்பாலும் நிற்கும், மற்றவருக்கு வீண் சங்கடம். எனவே விண்ணப்பிக்கும் முன் கேளுங்கள். எப்படிப் போட வேண்டும் என்பதையும் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும்.

அதே நிறுவனத்தில் முன்பு நேர்காணலில் தேறாமல் போயிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறுபடி விண்ணப்பிக்கச் சில மாத இடைவெளி வைக்கும் நிறுவனங்கள் உண்டு. பழைய பதிவு ஹெச்ஆர் திரையில் தெரியும். அங்கிருந்து கேள்விப்படும் நண்பன் அடுத்த முறை உங்களுக்காகப் பேச யோசிப்பான்.

போட்ட பிறகு தினமும் “என்ன ஆச்சு?” என்று கேட்காதீர்கள். பல இடங்களில் ரெஃபர் செய்தவருக்கு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒருமுறை கேட்டால் போதும். நேர்காணல் தேதி வந்தால் நீங்களே சொல்லுங்கள். வேறு வேலையை ஏற்க முடிவெடுத்தால், ஹெச்ஆருக்கு மெயில் போடும் முன் அவனுக்கு ஒரு போன் செய்யுங்கள். மறுநாள் அந்த மேலாளர் முகத்தில் விழிக்கப்போவது அவன்தான்.