கற்பூரமா, கார்பாலிக்கா? பழைய பிடி, சீப்பு, ரேடியோ கூட்டை மூக்கால் அறிவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் தேடிப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பளபளப்பாக இருக்கும் எதைத் தொட்டாலும் ஒன்று "தந்தம் சார்" என்பார்கள், இல்லாவிட்டால் "பேக்லைட் சார்" என்பார்கள். நான் ஒரு தடவை அங்கிருந்து ஓர் அட்டைப்பெட்டியை மொத்தமாக விலை பேசி எடுத்து வந்தேன். வெள்ளைப் பிடி போட்ட மேஜைக் கத்தி ஒன்று, ஆமை ஓடு மாதிரி புள்ளி போட்ட சீப்பு ஒன்று, பின்மூடி இல்லாத பழுப்பு நிற வால்வு ரேடியோ ஒன்று. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டால், இந்தத் துறையில் தொடங்குகிறவருக்கு வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது என்று தெரிந்தால், அது எந்த ஆண்டுக்கு முன் இருந்திருக்கவே முடியாது என்பது தெரியும். எந்த ஆண்டில் செய்தார்கள் என்பது அதில் தெரியாது. பழைய பிளாஸ்டிக் வகைகளில், செல்லுலாய்டை அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் 1870 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தார். பேக்லைட்டை லியோ பேக்லேண்ட் 1907இல் கண்டுபிடித்து 1909இல் உலகுக்கு அறிவித்தார். ஆகவே "1890ஆம் ஆண்டு பேக்லைட் பிடி" என்று யாராவது விற்றால், பேசாமல் நகர்ந்துவிடலாம். ஆனால் செல்லுலாய்டு சீப்பு 1880இலும் வந்திருக்கலாம், 1930இலும் வந்திருக்கலாம். அந்த இடைவெளியைச் சுருக்கத்தான் மற்றத் தடயங்கள்.

படி 1: தேய்த்து முகரவும்

கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரலை ஓர் இடத்தில் அழுத்தி, விரல் சுடும்வரை பத்துப் பதினைந்து விநாடி வேகமாகத் தேய்த்து, உடனே மூக்குக்குக் கொண்டு போங்கள்.

கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. நமக்கு இதில் பயிற்சியே தேவையில்லை; பூஜையறை மணம் தெரிந்தவர் தவறவிட மாட்டார். காரணம் எளிது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ் தனியாக இருந்தால் வளையாது, நொறுங்கும். அதை இளக்க ஹயாட் கலந்தது கற்பூரம்தான். நூறாண்டு ஆனாலும் அதில் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும்.

பழைய சிவப்பு கார்பாலிக் சோப்பின் நெடி வந்தால் பேக்லைட். பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் சமைத்த பிசின் அது. கார்பாலிக் அமிலம் என்பதே பீனாலின் பழைய பெயர்தான்.

பட்டாசு வெடித்த தெருவின் கந்தக நெடி வந்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். இது 1850களிலேயே வந்துவிட்டது. வெயில் பட்ட கறுப்புச் சீப்பு பச்சை கலந்த பழுப்பாக மாறியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுட்ட பால் போன்ற வாடை வந்தால் கேசீன், பால் புரதத்தில் செய்தது. பொத்தானிலும் குடைப்பிடியிலும் அதிகம் வரும். புளித்த வினிகர் வாடை என்றால் செல்லுலோஸ் அசிடேட். ஒன்றுமே வரவில்லை, தட்டினால் மெல்லிய தகரம் மாதிரிச் சத்தம் கேட்கிறது என்றால் அது பெரும்பாலும் பாலிஸ்டைரீன்.

ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்லும் குறிப்பு பல இடங்களில் உலவுகிறது. செய்யாதீர்கள். செல்லுலாய்டு வெடிமருந்துப் பஞ்சின் நெருங்கிய உறவு. நான் ஆரம்ப காலத்தில் உடைந்த சீப்புத் துண்டு ஒன்றில் அப்படிக் குத்தியபோது ‘புஸ்’ என்று ஒரு மஞ்சள் தீ எழுந்து புருவத்தில் பாதியைக் கொண்டுபோனது. துண்டு சிறியதாக இருந்ததால் அதோடு போயிற்று.

படி 2: பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பார்க்கவும்

மூக்கு தடுமாறும் இடத்தில் கண் உதவும். என் சீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்த்தால் கற்பூர வாசனை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பல வருடம் தலையெண்ணெய் ஊறிய பொருளில் இது சகஜம். சோப்பு நீரில் துடைத்து, மறுநாள் மறுபடி தேய்த்தேன். இப்போது ஐயமில்லை, கற்பூரம்தான்.

அடுத்து பல்லைப் பார்த்தேன். செல்லுலாய்டு சீப்பைப் பெரும்பாலும் தகடாகச் செய்து, வாளால் பல் அறுத்து, பிறகு மெருகேற்றுவார்கள். அதனால் பற்களின் அடிப்பகுதியில், மெருகுத் துணி நுழையாத இடத்தில், மெல்லிய அறுப்புக் கோடுகள் நிற்கும். அச்சில் ஊற்றிய சீப்பில் அந்தக் கோடு இருக்காது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பல்லின் பக்கத்திலும் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மயிரிழை போன்ற மேடு ஓடும். உருக்கி ஊசிபோல் அச்சுக்குள் செலுத்தும் முறை 1930களில் பரவியது. ஆகவே அந்த மேட்டைக் கண்டால் 1930களுக்கு முன் போக வேண்டாம். பொருளும் அநேகமாக அசிடேட்டோ அதற்குப் பின் வந்ததோதான்.

என் சீப்பில் அறுப்புக் கோடு தெளிவாக இருந்தது. ஒரு மூலையில் ஆங்கிலத்தில் ‘ஜெர்மனி’ என்ற முத்திரையும் இருந்தது. வந்த நாட்டின் பெயரை இறக்குமதிச் சரக்கில் பொறிக்கும் வழக்கம் 1887இல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு வலுத்தது. ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்திருந்தால் 1949க்குப் பிந்தியது. என் சீப்பு 1890 முதல் 1930கள் வரை என்று எழுதி வைத்தேன். அதற்குமேல் சுருக்கத் தடயம் இல்லை. சுருக்கிச் சொல்வது விற்பவருக்கு வேண்டுமானால் உதவும்.

படி 3: பிடியை அதன் கூட்டாளியோடு சேர்த்துப் பார்க்கவும்

கத்திப் பிடி வெண்மை கலந்த மஞ்சள் நிறம். நீளவாக்கில் நெருக்கமான இணைகோடுகள். இதைக் காட்டித்தான் தந்தம் என்றார்கள். உண்மையான யானைத் தந்தத்தின் வெட்டு முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டி, வைர வடிவங்களாகத் தெரியும். பிடியின் முனையைப் பாருங்கள். அங்கே குறுக்குக் கோடு இல்லை, கோலம் போட்டது போல ஒழுங்கான வரிகள் மட்டும்தான் என்றால், அது தந்த வேஷம் போட்ட செல்லுலாய்டு. என் கத்தியில் அப்படித்தான் இருந்தது. தேய்த்ததும் கற்பூரமும் வந்தது.

இனி வயது. பிடி மட்டும் பேசினால் 1870களுக்குப் பின் என்பதோடு நின்றுவிடும். ஆனால் அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருந்தது. துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி வார்த்தது 1913இல். கத்தியில் வந்தது அதற்கு அடுத்துதான். ஆக ஒரே சொல்லில் நாற்பது ஆண்டு குறைந்துவிட்டது. அலகு கறுத்துத் துருப்பிடிக்கும் பழைய எஃகாக இருந்திருந்தால் அது இன்னும் முந்தியதாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் மலிவுக் கத்தியில் பழைய எஃகு பின்னரும் தொடர்ந்ததால், அதை உறுதியான சான்றாக எடுக்க முடியாது.

பிடியைச் சுடுநீரில் போட்டுச் சோதிக்கும் ஆசை வரும். பேக்லைட்டுக்கு அது சரி. செல்லுலாய்டு இளகி வளையும். உள்ளே அலகின் காலைப் பிடித்திருக்கும் குங்கிலியப் பசையும் இளகி, கத்தி கையோடு கழன்று வரும். கேசீன் நீரை உறிஞ்சி வீங்கும். அதனால் தெரியாத பொருளுக்கு விரல் சூடே போதும்.

படி 4: ரேடியோவை உள்ளிருந்து பார்க்கவும்

ரேடியோவை மின்சாரத்தில் செருகிப் பார்க்கும் எண்ணத்தை முதலில் விடுங்கள். பழைய செட்டுகள் பலவற்றில் உள்ளிருக்கும் சேசிஸ் தகடே நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கும்.

பேக்லைட்டின் கதை உள்பக்கத்தில்தான் இருக்கிறது. வெறும் பிசின் நொறுங்கும் என்பதால் அதில் மரத்தூளைக் கலந்து, சூடான எஃகு அச்சில் வைத்து அழுத்துவார்கள். ஒரு முறை இறுகினால் பிறகு உருகாது, அவித்த முட்டை மறுபடி திரவமாகாதது போல. மெருகேற்றாத உள்பக்கத்தில் மங்கிய பரப்பு, அச்சிலிருந்து தள்ளிவிடும் கம்பிகள் பதித்த வட்டத் தழும்புகள், உடைந்த மூலையில் மரத்தூளின் சொரசொரப்பு ஆகியவை தெரியும். இவை மூன்றும் என் பெட்டியில் இருந்தன. உலோக மெருகுப் பசையைப் பஞ்சில் தொட்டு உள்பக்கத்தில் மெல்லத் தேய்த்தேன், பஞ்சு மஞ்சளாயிற்று. பேக்லைட்டின் அடையாளம் அது. கறுப்பு பேக்லைட் சில சமயம் இந்தச் சோதனையில் ஏமாற்றும், அப்போது மூக்கையே நம்ப வேண்டும். சிலவற்றில் மரத்தூளுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கும் என்பதால், உப்புத்தாளால் தேய்ப்பதோ அறுப்பதோ கூடாது.

பேக்லைட் தானாக வெள்ளையாக வராது. பிசினே காலப்போக்கில் கருக்கும். வெள்ளை ரேடியோ கிடைத்தால் பின்விளிம்பைப் பாருங்கள். வெள்ளை உரிந்து பழுப்பு தெரிந்தால் அது வண்ணம் பூசிய பேக்லைட். முழுக்க வெளிர் நிறம் என்றால் அது 1920களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய யூரியா பிசினாக இருக்கலாம். ஒளி ஊடுருவும் தேன் நிறக் கூடு என்றால், தூள் கலக்காமல் வார்த்த கேட்டலின். அது 1920களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கியது. தேன் நிறத்தில் பலவும் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தவை. வெளிச்சம் படாத உள்மடிப்பில் அசல் நிறம் ஒளிந்திருக்கும்.

வயதுக்கு வால்வுகள் உதவின. எட்டு கால் கொண்ட ‘ஆக்டல்’ அடி 1935இல் வந்தது. என் செட்டில் எல்லாம் ஆக்டல். அலைவரிசைக் கண்ணாடியில் மெட்ராஸோடு திருச்சியும் இருந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மேயிலும் தொடங்கின. சிறிய கண்ணாடி வால்வு ஒன்றுகூட இல்லாததால் 1950களின் நடுப்பகுதிக்குப் பின் போக மனம் வரவில்லை. வால்வை மாற்றியிருக்கலாம் என்பதால் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. வால்வும் கண்ணாடியும் கூடும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் எழுதி வைப்பேன்: 1939 முதல் 1950களின் நடுப்பகுதி வரை.

ரேடியோ இப்போது கூடத்து அலமாரியில். சீப்பும் கத்தியும் வேறு அறையில், காற்றோட்டமுள்ள திறந்த தட்டில். செல்லுலாய்டு கெடத் தொடங்கினால் அமில ஆவி விடும். பக்கத்திலுள்ள உலோகம் பச்சை பூக்கும், அடுத்த செல்லுலாய்டும் கெடும். மூடிய டப்பாவில் வைத்தால் அந்த ஆவி வெளியேற வழியின்றிக் கெடுதல் வேகமாகும். மாதம் ஒரு தடவை சீப்பைத் திருப்பிப் பார்க்கிறேன், மேலே வியர்வை மாதிரிப் பிசுபிசுப்போ உள்ளே கண்ணாடிச் சில்லு போன்ற விரிசலோ தெரிகிறதா என்று.